பள்ளி முடித்ததும் ஓராண்டு இடைவெளி: அனுமதிக்கலாமா?

ஜன்னலோரம் | ஏப்ரல் 6, இரவு 9:12

மகளுக்குப் பதினெட்டு வயது. இறுதித் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். கட்டடக்கலை படிக்க மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறாள், முடிவு மே நடுவில் வரும். இப்போது திடீரென்று, அடுத்த ஆண்டுதான் சேர்வேன் என்கிறாள். ஐந்து மாதம் மரவேலைப் பட்டறையில் வேலை, பிறகு பழைய கட்டடங்களைச் செப்பனிடும் தன்னார்வக் குழுவோடு வெளியூரில் பத்து வாரம், மீதி நாட்களில் வரைபடப் பயிற்சி. இதுதான் அவள் சொல்லும் திட்டம்.

அவள் அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஒரு வருஷம் விட்டா படிப்பே விட்டுப்போகும்." இரண்டு வாரமாக வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றால் பயமாக இருக்கிறது. தத்துவம் வேண்டாம். அனுமதித்தால் எதில் மாட்டிக்கொள்வோம், மறுத்தால் எதை இழப்போம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோடைமழை | ஏப்ரல் 6, இரவு 9:40

தாராளமா விடுங்க மேடம். ஒரு வருஷம் உட்கார்ந்து ஒழுங்கா படிச்சா நுழைவுத் தேர்வுல மதிப்பெண் நிச்சயம் ஏறும். நல்ல பயிற்சி மையமா பாருங்க. எங்க பையனும் ரெண்டாவது தடவைதான் தேறினான்.

எழுதாதவன் | ஏப்ரல் 6, இரவு 9:44

அண்ணே, அந்தப் பொண்ணு படிக்காம இருக்கத்தான் ஒரு வருஷம் கேக்குது.

கோடைமழை | ஏப்ரல் 6, இரவு 9:51

ஓ. அப்ப நான் அப்பா பக்கம்.

நாலாம்வரிசை | ஏப்ரல் 6, இரவு 10:30

எனக்கும் அதே வயசுதான், அதனால அந்தப் பொண்ணு பக்கம் பேசுறேன். ஹார்வர்டே மாணவர்களை ஒரு வருஷம் இடைவெளி எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுது. ஒபாமாவோட மூத்த பொண்ணு 2016ல பள்ளி முடிச்சு 2017லதான் அங்க சேர்ந்தாங்க. இடைவெளி எடுத்தவங்க கல்லூரியில இன்னும் ஆர்வமா படிக்கிறாங்கன்னு ஆய்வே இருக்கு. அப்பாவுக்கு இதைக் காட்டுங்க, முடிஞ்சுது.

படிக்கட்டு | ஏப்ரல் 7, காலை 6:55

இதைக் காட்டினால் முடியாது, சண்டை இன்னும் பெரிதாகும். தம்பி சொன்னதில் பாதி சரி. ஹார்வர்டு அந்த யோசனையைச் சொல்வது, ஏற்கனவே இடம் கிடைத்துவிட்டவர்களுக்கு. இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டு தள்ளிப் போடுவது ஒன்று, இடமே இல்லாமல் வெளியே நிற்பது வேறொன்று. வீடுகளில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் வருகிறது. மகள் முதலாவதை மனதில் வைத்துப் பேசுவாள், அப்பா இரண்டாவதை நினைத்துப் பயப்படுவார்.

ஜன்னலோரம், உங்கள் மகள் மூன்று விண்ணப்பங்களையும் திரும்பப் பெறவில்லை என்றால் இன்றைக்கு முடிவெடுக்கத் தேவையே இல்லை. முடிவு வரட்டும். இடம் கிடைத்தால் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும், பிறகு சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். பல நிறுவனங்களில் இதற்கு நடைமுறை உண்டு. சிலவற்றில் கிடையவே கிடையாது. சிலவற்றில் துறைத் தலைவர் விரும்பினால் மட்டும் உண்டு. எனவே முதல் வேலை, மூன்று இடங்களின் சேர்க்கை விதிகளிலும் ஒத்திவைப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. அதை மகளே பார்க்கட்டும்.

ஜன்னலோரம் | ஏப்ரல் 7, காலை 8:20

ஏன் அவளே? நான் இப்போதே கேட்டுவிடுவேனே.

படிக்கட்டு | ஏப்ரல் 7, காலை 8:41

இரண்டு காரணம். பதினெட்டு வயதானவரின் விண்ணப்பம் பற்றிப் பெற்றோரிடம் பேச மாட்டோம் என்று பல சேர்க்கை அலுவலகங்கள் சொல்லிவிடும். விண்ணப்பத்தில் கொடுத்த அவளுடைய மின்னஞ்சலிலிருந்து வந்தால்தான் பதில். இரண்டாவது, ஓராண்டைத் தானே நடத்தப் போகிறேன் என்பவள் இந்த மூன்று பக்கத்தைத் தேடிப் படிக்க எத்தனை நாள் எடுக்கிறாள் என்பதைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்குமேல் இழுத்தால் அப்பாவின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

பேரேடு | ஏப்ரல் 7, பிற்பகல் 1:05

ஆய்வு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரு தரப்பும் ஆளுக்கொரு புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2010ல் வந்தது. இடைவெளி எடுக்க நினைத்தவர்கள் பள்ளியிலேயே ஊக்கம் குறைந்தவர்களாக இருந்தார்கள், எடுத்துவிட்டு வந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் ஊக்கம் கூடியவர்களாகத் தெரிந்தார்கள். நாலாம்வரிசை சொல்வது இந்த மாதிரி ஆய்வுதான். அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரமோ எதிர்த்திசையில் போகும்: பள்ளி முடித்ததும் சேராமல் தாமதித்தவர்களில் பட்டம் முடித்தவர்கள் குறைவு.

இரண்டுமே பொய் இல்லை. இரண்டாவது கூட்டத்தில் பணமில்லாமல், குடும்பப் பொறுப்பால், வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் தாமதித்தவர்கள்தான் நிறைய. அவர்கள் முடிக்காததற்குத் தாமதம் காரணமா, தாமதத்துக்குக் காரணமான நெருக்கடி காரணமா என்று அந்த எண் சொல்லாது. முதல் கூட்டத்தைப் பாருங்கள், திரும்பி வந்து சேர்ந்தவர்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள். திரும்பாதவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. உங்கள் மகள் எந்தக் கூட்டம் என்பதை அவள் கையில் இடம் இருக்கிறதா, நாள் குறித்த திட்டம் இருக்கிறதா என்பதுதான் காட்டும்.

நாலாம்வரிசை | ஏப்ரல் 7, பிற்பகல் 1:30

அப்ப என் ஆய்வு செல்லாதா?

பேரேடு | ஏப்ரல் 7, பிற்பகல் 1:33

செல்லும் தம்பி. அது பேசும் ஆட்களைப் பற்றி மட்டும் செல்லும்.

ஜன்னலோரம் | ஏப்ரல் 11, இரவு 10:02

விதிகளை அவளே இரண்டு நாளில் எடுத்து வந்துவிட்டாள். முதல் கல்லூரி ஓராண்டு ஒத்திவைக்கும், இடத்தை உறுதிசெய்த பதினான்கு நாளுக்குள் கேட்க வேண்டும். இரண்டாவது ஒத்திவைக்காது, மறுபடி விண்ணப்பிக்கச் சொல்கிறது. மூன்றாவதின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அப்பா விதிகளைப் படித்தார். "சரி, இடம் இருக்கட்டும். ஒரு வருஷம் என்ன பண்ணுவா? தூங்குவா" என்றார். இது முன்னேற்றமா என்று தெரியவில்லை.

எழுதாதவன் | ஏப்ரல் 11, இரவு 10:10

"கூடாது"ல இருந்து "தூங்குவா"க்கு வந்துட்டார்னா பெரிய முன்னேற்றம் அக்கா.

படிக்கட்டு | ஏப்ரல் 12, காலை 7:15

முன்னேற்றம்தான். அவர் இப்போது கேட்பது நியாயமான கேள்வி. தோற்றுப்போகும் இடைவெளி ஆண்டு ஊர்சுற்றியதால் தோற்பது அரிது. முதல் இரண்டு மாதத்தில்தான் கெடும். பள்ளி முடிந்த களைப்பில் கொஞ்சம் ஓய்வு என்று ஆரம்பிக்கும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம், காலை பதினொன்றுக்கு விழிப்பு. தோழிகள் கல்லூரிக்குக் கிளம்பும் மாதத்தில் தனிமை. அதற்குள் திட்டத்தின் முதல் படி தள்ளிப்போயிருக்கும். அதனால் ஓய்வுக்கும் தேதி வேண்டும். நான்கு வாரம் தாராளமாகக் கொடுங்கள், யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஐந்தாவது வாரத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, "பட்டறையில் பேசி வைத்திருக்கிறேன்" என்ற சொல். எந்தத் தேதி, வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு, யார் கீழே வேலை. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அது வேலை. இல்லையென்றால் வெறும் விருப்பம்.

சீவுளி | ஏப்ரல் 12, காலை 11:48

மரவேலைன்னு பார்த்ததும் உள்ள வந்தேன். அந்தப் பொண்ணு என்ன எதிர்பார்க்குதுன்னு யாராவது கேட்டீங்களா? பட்டறையில புதுசா வர்ற ஆளுக்கு முதல் ரெண்டு மாசம் உப்புத்தாள்தான். எண்பதாம் நம்பர்ல தேய்ச்சு, நூத்தியிருபது, அப்புறம் நூத்தியெண்பது. தேய்க்கிறது, கூட்டுறது, பலகை அடுக்குறது, அளவு குறிக்கிறப்ப மறுமுனையைப் பிடிச்சுக்கிறது. வட்ட ரம்பம் பக்கம் விட மாட்டாங்க, விடவும் கூடாது. மூணாவது மாசம்தான் இணைப்பு வெட்டுறதைக் கையில கொடுப்பாங்க. ஐந்து மாசம்னா ஒரு முக்காலி ஒழுங்கா செய்யக் கத்துக்கலாம். மேசை இழுப்பறை வராது.

இன்னொண்ணு, தினம் நாலு மணி நேரம் வர்றேன்னு சொல்லாதீங்க. கருவி எடுத்து வைக்கிறது, கடைசியில கூட்டி அள்ளுறதுன்னே ஒரு மணி நேரம் போயிடும். வாரத்துல மூணு முழு நாள் வர்ற ஆளைத்தான் எந்தப் பட்டறையும் விரும்பும்.

காப்பீடு கேளுங்க. பள்ளியில இருந்த விபத்துக் காப்பீடு படிப்பு முடிஞ்சதோட முடிஞ்சிருக்கும். குடும்ப மருத்துவக் காப்பீட்டுல சில திட்டம் மாணவரா இருந்தாத்தான் பிள்ளைகளைச் சேர்க்கும். பட்டறைக்காரர் போட்டிருக்கிற காப்பீடு உதவியாளுக்கும் பொருந்துமான்னு எழுதி வாங்கணும். விரல் போனா யார் செலவுன்னு அப்புறம் பேச முடியாது.

ஜன்னலோரம் | ஏப்ரல் 12, மாலை 6:30

அப்பா இந்த விரல் வரியை மட்டும் மூன்று முறை வாசித்தார்.

சீவுளி | ஏப்ரல் 12, மாலை 6:52

வாசிக்கட்டும் மேடம். உப்புத்தாளுக்கு விரல் போகாது, நகம்தான் தேயும். நல்ல தூசி முகமூடி வாங்கிக் கொடுங்க, துணி முகமூடி உதவாது.

பேரேடு | ஏப்ரல் 14, இரவு 8:15

பணத்துக்கு வருகிறேன். எந்த நாணயத்தில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் ஒரு மணி நேரக் கூலியையே அலகாக வைத்துக்கொள்கிறேன். செலவெல்லாம் "எத்தனை மணி நேர வேலை" என்று எழுதினால் பிள்ளைகளுக்கும் உறைக்கும்.

ஐந்து மாதம் என்பது 22 வாரம். வாரம் மூன்று முழு நாள், அதாவது 24 மணி. மொத்தம் 528. இதை அப்படியே வரவு என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. காய்ச்சல், விடுமுறை, வேலை இல்லாத நாள், பிடித்தம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் கழியுங்கள். 79 போய் 449 நிற்கும்.

செலவில் போக்குவரத்து, கைபேசி, உடை, வெளியே சாப்பிடுவது என்று மாதம் 30. வீட்டுச் செலவுக்கு அவள் தரும் பங்கு மாதம் 20. ஐந்து மாதத்துக்கு 250. மிச்சம் 199. வெளியூர்ப் பத்து வாரத்துக்கு என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாளா?

ஜன்னலோரம் | ஏப்ரல் 14, இரவு 9:05

போட்டிருக்கிறாள். நீங்கள் சொன்ன அலகுக்கு மாற்றினால் மொத்தம் 320. தங்குமிடமும் உணவும் குழு தராது, பங்கேற்பாளர்தான் கட்ட வேண்டும்.

நாலாம்வரிசை | ஏப்ரல் 14, இரவு 9:11

320ஐ பத்தால வகுத்தா வாரத்துக்கு 32. ஆறு வாரம் போனா 192. கையில 199 இருக்கு, சரியா உட்காருது. பத்துக்குப் பதிலா ஆறு வாரம் போகச் சொல்லுங்க.

பேரேடு | ஏப்ரல் 14, இரவு 9:30

தம்பி, போக்குவரத்துக் கட்டணம் வாரக் கணக்கில் குறையாதே. ஒரு நாள் போனாலும் பத்து வாரம் போனாலும் போய்வரும் செலவு ஒன்றுதான். அதைத் தனியே பிரிக்கச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம் | ஏப்ரல் 14, இரவு 9:48

போய்வர 60, மீதி 260 பத்து வாரத்துக்கு.

பேரேடு | ஏப்ரல் 14, இரவு 9:57

அப்படியென்றால் வாரத்துக்கு 26. ஆறு வாரம் 156, அதோடு 60 சேர்த்தால் 216. கையில் இருப்பதைவிட 17 அதிகம். ஐந்து வாரம் போனால் 190, மிச்சம் 9. ஒரு தொலைபேசி உடைந்தால் போயிற்று. நான்கு வாரம் 164, மிச்சம் 35. பத்து வாரம் வேண்டுமென்றால் 121 குறைகிறது. அதைச் சம்பாதிக்க பிடித்தம் போக வாரம் ஏறக்குறைய 20 மணி, ஆகவே இன்னும் ஆறு வாரம் கூடுதல் வேலை. அந்த ஆறு வாரமும் சாப்பிட வேண்டும், வீட்டுப் பங்கும் தர வேண்டும் என்பதால் நடைமுறையில் பதின்மூன்று பதினான்கு வாரம் ஆகிவிடும்.

இதனால்தான் வேலை முன்னால், பயணம் பின்னால் என்று அவள் வைத்திருக்கும் வரிசை சரி. மாற்றி வைத்தவர்கள் பெற்றோரிடம் கடன் வாங்கிப் போவார்கள். திரும்பி வந்து கடனை அடைக்கும் மாதங்களில் படிப்புக்குத் தயாராக நேரம் இருக்காது.

கோடைமழை | ஏப்ரல் 15, காலை 7:02

பெத்த பிள்ளைகிட்ட வீட்டுச் செலவுக்குப் பணம் வாங்குறதா? என்ன கணக்கு இது. எனக்கு மனசு ஒப்பல.

பேரேடு | ஏப்ரல் 15, காலை 9:20

வாங்கித் தனியாக எடுத்து வையுங்கள், சேரும் நாளில் திருப்பிக் கொடுங்கள். தொகை முக்கியமில்லை, மாதாமாதம் ஒரு தேதியில் தர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கோடைமழை | ஏப்ரல் 15, காலை 9:26

திருப்பிக் கொடுக்குறது தெரிஞ்சா அது நாடகம். தெரியலன்னா ஏமாத்து. நான் வாங்க மாட்டேன்.

படிக்கட்டு | ஏப்ரல் 15, இரவு 7:40

இதில் நான் கோடைமழை பக்கம் பாதி. பணமாக வாங்குவது வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் வீட்டு வேலையில் அவள் பங்கு என்ன என்பதைப் பேசாமல் விடக் கூடாது. வீட்டில் இருக்கும் பிள்ளை என்பதால் கடைக்குப் போவது, தம்பியை அழைத்து வருவது, பாட்டியை மருத்துவரிடம் கூட்டிப்போவது எல்லாம் மெல்ல அவள் தலையில் விழும். மூன்று மாதத்தில் அந்த ஓராண்டு அவளுடையதாக இருக்காது. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று முன்பே வரம்பு வையுங்கள்.

அப்பா, ஜன்னலோரம் கணக்கிலிருந்து | ஏப்ரல் 16, இரவு 11:15

நான் அவளுடைய அப்பா. எல்லோரும் நான் ஏதோ வில்லன் மாதிரி எழுதுகிறீர்கள். என் கேள்வி நேரடியானது. டிசம்பரில் இது சரிப்படவில்லை என்று எனக்குத் தெரிந்தால், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டா இல்லையா? உண்டு என்றால் இப்போதே சம்மதம். இல்லை என்றால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

படிக்கட்டு | ஏப்ரல் 17, காலை 6:30

ஐயா, நேரடியாகவே சொல்கிறேன். நிறுத்தி என்ன செய்யச் சொல்வீர்கள்? டிசம்பரில் கல்லூரி பாதி ஆண்டு ஓடியிருக்கும், உடனே சேர முடியாது. அந்த அதிகாரத்தால் வேலையை மட்டும்தான் நிறுத்த முடியும், படிப்பைத் தொடங்க முடியாது. ஆகவே "நிறுத்து" என்பதற்குப் பதில் "மாற்று" என்று வையுங்கள். எதைப் பார்த்து மாற்றுவது என்பதையும் இப்போதே எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அளவுகோல் ஆகாது, அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதும் ஆகாது.

மூன்று அடையாளம் போதும். வேலைக்குப் போன நாட்கள், பேசிய நாட்களில் ஐந்தில் நான்கு பங்காவது இருக்கிறதா. சேமிப்பு, பேரேடு போட்ட கணக்கில் பாதிக்குமேல் வந்துவிட்டதா. கணக்குப் பாடம் கையில் நிற்கிறதா. இதில் இரண்டு தவறினால் வெளியூர்ப் பயணம் ரத்து, அந்த வாரங்களில் வேலையும் பாடமும். மூன்றும் சரியாக இருந்தால் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் தொடரும்.

டிசம்பர் என்று நீங்கள் தேர்ந்த மாதம் நல்ல மாதம். அடுத்த சேர்க்கைக்கான விண்ணப்பம் எந்தத் தேதியில் மூடும் என்று பாருங்கள், அதற்கு ஆறு வாரம் முன்னால் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். ஒத்திவைப்பு கிடைக்காமல் மறுபடி விண்ணப்பிக்க வேண்டிய நிலை என்றால் அந்த ஆறு வாரம் தேவைப்படும்.

அப்பா, ஜன்னலோரம் கணக்கிலிருந்து | ஏப்ரல் 17, காலை 7:10

கணக்குப் பாடம் கையில் நிற்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? அவளைக் கேட்டால் நிற்கிறது என்பாள்.

படிக்கட்டு | ஏப்ரல் 17, காலை 7:34

கேட்க வேண்டாம். அவள் எழுதிய இறுதித் தேர்வின் முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை எடுத்து உறையில் போட்டு வையுங்கள். நவம்பர் கடைசியில் முன்னறிவிப்பில்லாமல், முழு நேரம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் குறையும், அது இயல்பு. எதில் குறைந்தது என்று பாருங்கள். சூத்திரம் மறந்திருந்தால் கவலை வேண்டாம், ஒரு வாரத்தில் திரும்பிவிடும். திரிகோணமிதி, திசையன் போன்றவற்றில் கணக்கை எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாமல் வெள்ளைத்தாள் விட்டிருந்தால் அதுதான் ஆபத்து. கட்டமைப்புப் பாடத்தில் முதல் பருவத்திலேயே அது இடிக்கும்.

இதைத் தடுக்க வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம், பழைய கணக்குகளைக் கலந்து போட்டால் போதும். கடைசி எட்டு வாரத்தில் வாரம் ஐந்து முறை ஆக்கிக்கொள்ளலாம். மொத்தத்தையும் கடைசி மாதத்துக்கு ஒதுக்குபவர்கள் அந்த மாதத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எழுதாதவன் | ஏப்ரல் 17, காலை 8:00

உறையில போட்டு வைக்கிற வினாத்தாளை மகள் இங்கயே படிச்சிட்டு இருக்கும்னு யாருக்கும் தோணலையா?

ஜன்னலோரம் | ஏப்ரல் 17, காலை 8:12

படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எந்த ஆண்டு வினாத்தாள் என்று கேட்கிறாள்.

நாலாம்வரிசை | மே 16, மாலை 5:20

முடிவு வந்துச்சா?

ஜன்னலோரம் | மே 17, இரவு 9:30

முதல் கல்லூரியிலும் இரண்டாவதிலும் இடம் கிடைத்தது. மூன்றாவது காத்திருப்புப் பட்டியல். அப்பாவுக்கு இரண்டாவது கல்லூரிதான் ஆசை. அது ஒத்திவைக்காது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

சீவுளி | மே 17, இரவு 9:55

இரண்டாவதுல சேர்ந்துட்டு, ஒரு பருவம் முடிச்சு விடுப்பு எடுத்துக்கலாமே?

படிக்கட்டு | மே 18, காலை 6:48

எடுக்கலாம், ஆனால் கவனம். பல இடங்களில் முதலாண்டு முடிக்காமல் விடுப்பு கிடையாது. கிடைத்தாலும் அந்தப் பருவக் கட்டணம் திரும்பாது. கட்டடக்கலையில் வடிவமைப்புக் கூடப் பாடம் இரண்டு பருவமும் தொடர்ச்சியாகப் போகும். நடுவில் போனால் திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டாவது கல்லூரி அவ்வளவு முக்கியம் என்றால் இந்த ஆண்டே சேர்ந்துவிட்டு, பட்டறை வேலையை நீண்ட விடுமுறைகளுக்கு மாற்றுவதுதான் நேர்மையான வழி. இல்லையென்றால் முதல் கல்லூரியை ஏற்று ஒத்திவைப்பு கேட்க வேண்டும். இரண்டிலும் கால் வைத்து உறுதிசெய்யாதீர்கள். இரண்டு இடத்தில் முன்பணம் கட்டியது தெரிந்தால் இரண்டையும் ரத்து செய்யும் நிறுவனங்கள் உண்டு.

ஜன்னலோரம் | மே 20, இரவு 10:40

நேற்று மூன்று மணி நேரம் பேசினோம். முடிவு அவளுடையது என்று அப்பாவே சொன்னார், ஆனால் முகம் சரியில்லை. முதல் கல்லூரியை உறுதிசெய்துவிட்டாள். ஒத்திவைப்புக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? அவள் எழுதியது இரண்டு பக்கம், அதில் ஒரு பக்கம் "என்னைக் கண்டடைதல்".

படிக்கட்டு | மே 21, காலை 6:20

அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். சேர்க்கை அலுவலர் தேடுவது ஒன்றைத்தான்: இவர் அடுத்த ஆண்டு உண்மையில் வருவாரா. பத்து வரி போதும், இந்த மாதிரி:

> விண்ணப்ப எண் இது, படிப்பு கட்டடக்கலை. இந்த மாதம் 19ஆம் தேதி இடத்தை உறுதிசெய்துள்ளேன். சேர்க்கையை அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்துக்கு ஒத்திவைக்க வேண்டுகிறேன். ஜூலை முதல் நவம்பர் வரை மரவேலைப் பட்டறையில் வாரம் மூன்று நாள் பணி. பணியளிப்பவரின் கடிதம் இணைப்பில். ஜனவரியில் நான்கு வாரம் கட்டடச் செப்பனிடும் தன்னார்வப் பணி. மார்ச் முதல் வரைபடமும் கணிதமும். வேறு எந்தக் கல்லூரியிலும் சேர மாட்டேன்.
>
> தெரிந்துகொள்ள விரும்புவது: இடம் அப்படியே காக்கப்படுமா, மறு விண்ணப்பம் தேவையா? உதவித்தொகை தொடருமா? கட்டிய முன்பணம் அடுத்த ஆண்டுக்குக் கணக்கில் வருமா? வருகையை மீண்டும் உறுதிசெய்ய வேண்டிய கடைசி நாள் எது?

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒத்திவைத்தவர்கள் இடத்தை இழப்பது பெரும்பாலும் அடுத்த ஆண்டு அந்த உறுதிப்படுத்தும் நாளைத் தவறவிடுவதால்தான். பள்ளி மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் அது மூடப்பட்டிருக்கும், நினைவூட்டல் யாருக்கும் போய்ச் சேராது. சொந்த முகவரிக்கு இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

பேரேடு | மே 21, காலை 10:15

"வேறு எந்தக் கல்லூரியிலும்" என்ற வரிக்கு ஒரு எச்சரிக்கை. இடைவெளியில் மாலை நேர வரைபட வகுப்பு எங்கேயாவது சேர்ந்து மதிப்பெண் சான்றிதழ் வாங்கினால், சில நிறுவனங்கள் அவளைப் புதுமுகமாக எடுக்காமல் இடமாற்ற மாணவியாகப் பார்க்கும். சான்றிதழ் இல்லாத வகுப்பு என்றால் சிக்கல் வராது.

ஜன்னலோரம் | ஜூன் 3, இரவு 8:50

ஒத்திவைப்பு கிடைத்தது. இடம் காக்கப்படும், முன்பணம் கணக்கில் வரும். ஆனால் உதவித்தொகை தொடராது, அடுத்த ஆண்டு புதிதாகப் போட்டியிட வேண்டுமாம். அப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டார். இந்த முறை அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அது சிறிய தொகை இல்லை.

நாலாம்வரிசை | ஜூன் 3, இரவு 9:02

தகுதி மாறலையே, அதே மதிப்பெண்தானே? திரும்பக் கிடைச்சிடும்.

பேரேடு | ஜூன் 3, இரவு 9:19

அவளுடைய மதிப்பெண் மாறாது. எதிரே நிற்பவர்கள் மாறுவார்கள். அதே ஆண்டு பள்ளி முடித்தவர்களுக்கு மட்டும் என்று விதி உள்ள உதவித்தொகையும் உண்டு, அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கிடைக்காது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். நான்கு வார வெளியூர்ப் பயணத்தில் மிஞ்சும் 35 இதை ஈடுகட்டாது.

கோடைமழை | ஜூன் 3, இரவு 9:40

அப்ப இந்த வருஷமே சேர்ந்துடச் சொல்லுங்க. பணம் சும்மாவா வருது?

படிக்கட்டு | ஜூன் 4, காலை 6:35

அதுவும் ஒரு விடைதான், அவசரப்பட வேண்டாம். ஒத்திவைப்பை எந்தத் தேதி வரை திரும்பப் பெற்று இந்த ஆண்டே சேரலாம் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அந்தத் தேதிக்குள் உதவித்தொகை அலுவலகத்துக்குத் தனியாக எழுதுங்கள். சேர்க்கை அலுவலகம் சொன்னது அவர்கள் தரும் தொகையைப் பற்றி மட்டுமாக இருக்கலாம், துறை தரும் தொகைக்கு வேறு விதி இருக்கக்கூடும். இதற்கிடையில் பள்ளி ஆசிரியர்கள் இருவரிடம் பரிந்துரைக் கடிதம் இப்போதே வாங்கிவிடுங்கள். ஓராண்டு கழித்து அந்த ஆசிரியர் மாறிப் போயிருப்பார், அல்லது அவளை மங்கலாகத்தான் நினைவிருக்கும். மொழித் தேர்வு எழுதியிருந்தால் தேதியைப் பாருங்கள், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டாண்டுக்குத்தான் செல்லும்.

அப்பா, ஜன்னலோரம் கணக்கிலிருந்து | ஜூன் 4, இரவு 10:20

திரும்பப் பெறக் கடைசி நாள் ஜூன் 20. உதவித்தொகை அலுவலகத்துக்கு அவள் எழுதிவிட்டாள். பட்டறைக்காரரிடம் நானும் போய்ப் பார்த்தேன். காப்பீடு உதவியாளுக்கும் பொருந்தும் என்று எழுதிக் கொடுத்தார். சீவுளி, ஒரு சந்தேகம். காலணி எந்த மாதிரி வாங்க வேண்டும்?

சீவுளி | ஜூன் 4, இரவு 10:31

முன்பக்கம் இரும்புக் கவசம் வச்சது, அரை அளவு பெரிசா வாங்குங்க சார், தடிச்ச காலுறை போடணும்ல. ரசீதை வச்சுக்கோங்க, 20ஆம் தேதி வரைக்கும் கடைக்காரர் மாத்திக் கொடுப்பாரான்னு கேட்டுட்டு வாங்குங்க.